நீ படம் அனுப்பிய பழைய விரிப்பு குறித்து

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஆறு படங்களையும் உன் அம்மாவும் நானும் பார்த்தோம். லண்டனில் பழம்பொருள் விற்பவர் அந்தப் படுக்கை விரிப்பை "நூறாண்டுக்கு முந்தைய மசூலிப்பட்டினத்துக் கட்டை அச்சு, இயற்கைச் சாயம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஒரே மூச்சில் அவர் சொன்னது மூன்று தனித்தனிச் செய்திகள்: கையால் கட்டை வைத்து அச்சிட்டது, தாவரச் சாயம் ஏற்றியது, பழையது. ஒன்று மெய்யாக இருப்பதால் மற்ற இரண்டும் மெய்யாகிவிடாது. மசூலிப்பட்டினத்தை, அதாவது மச்சிலிப்பட்டினத்தை, அடுத்த பெடனாவில் இன்றைக்கும் தேக்குக் கட்டையால் அச்சிடுகிறார்கள். அந்தத் துணி போன மாதத்தியதாகவும் இருக்கலாம்.

"கோடுகள் கோணலாக இருக்கின்றன, ஆகவே கைவேலைதான்" என்று நீ எழுதியதைப் படித்ததும், போன ஆண்டு தியாகராய நகரில் ஒரு கடையில் நானே ஏமாந்தது நினைவுக்கு வந்தது. இரண்டரை மீட்டர் துணி. பூவின் கறுப்புக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு சற்றே வழிந்திருந்தது, ஒரு இதழ் உடைந்திருந்தது. கட்டை அச்சு என்று நம்பிப் பணம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கட்டிலில் விரித்து அளவுநாடாவை வைத்தபோது, அதே உடைந்த இதழ், அதே பக்கம் அதே அளவு வழிந்த சிவப்போடு, சரியாக 64 செ.மீ. தள்ளி மீண்டும் வந்தது. அதற்கு அப்பால் இன்னொரு 64 செ.மீ. தள்ளி மூன்றாம் முறையும் வந்தது. ஆலையில் உருளை சுழன்று சுழன்று அச்சிடும் உருளைத் திரை அச்சில் பெரும்பாலான உருளைகளின் சுற்றளவு 64 செ.மீ. உண்மையான கட்டை அச்சு ஒன்றைப் படமெடுத்து, அதன் பிழைகளையும் சேர்த்தே திரையில் இறக்கியிருக்கிறார்கள். மேசையில் வைத்து இழுக்கும் தட்டைத் திரையானால் இடைவெளி வேறாக இருக்கும். ஆகையால் அந்த எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு அது மறுபடி எங்கே வருகிறது என்று தேடுவதே சரியான வழி.

அதே நாளில் பாட்டியின் பெட்டியிலிருந்த பந்தர் விரிப்பையும் பக்கத்தில் விரித்தேன். (மச்சிலிப்பட்டினத்தை அந்த ஊர்க்காரர்கள் பந்தர் என்றுதான் சொல்வார்கள்.) அதில் ஓர் இலையின் நுனி 16 செ.மீ.க்கு ஒருமுறை ஒடிந்தே வந்தது. ஒரு கணம் பாட்டியின் துணியையே சந்தேகித்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது: அந்த ஒடிசல் மரத்தில் இருக்கிறது, கட்டையை எத்தனை முறை வைத்தாலும் அது வரத்தான் செய்யும். ஆனால் கறுப்புக் கோட்டுக்கு ஒரு கட்டை, சிவப்புக்கு வேறொரு கட்டை என்பதால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் விதம் ஒவ்வோர் அச்சிலும் மாறியிருந்தது. ஓரிடத்தில் சிவப்பு வலப்பக்கம் நழுவியிருந்தது, அடுத்ததில் மேலே ஏறியிருந்தது, வரிசையின் கடைசியில் கை சாய்ந்துபோய், அடுத்த வரிசையில் நிமிர்ந்திருந்தது. கட்டையின் ஊனம் திரும்ப வரலாம். இரண்டு நிறங்களுக்கு இடையே நேர்ந்த நழுவல் இம்மியும் மாறாமல் திரும்ப வந்தால் அது கை வைத்த துணி அன்று. நீ அனுப்பிய படங்களில் எதிலும் ஒரு முழ நீளத்துக்குமேல் தெரியவில்லை. அதனால்தான் என்னால் இதைச் சொல்ல முடியவில்லை.

அடுத்தது சாயம். மச்சிலிப்பட்டினத்து முறையில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்தபின், வெல்லத்தோடு ஊறவைத்த இரும்புத் துருவின் நீரைக் கட்டையில் தொட்டு அச்சிடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து அங்கேயே கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத்தை அச்சிட்டு, பின்னர் சாயவேரோ மஞ்சிட்டியோ போட்ட கொப்பரையில் துணியைக் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். நிறம் இழைக்குள்ளேயே உண்டாவதால் நூலைப் பிரித்தாலும் உள்ளே நிறம் இருக்கும். மலிவான திரை அச்சில் நிறமிப் பசை மேலே படிகிறது. ஒரு நூலை உருவி முறுக்கைத் தளர்த்தினால், குறுக்கு நூலின் அடியில் மறைந்திருந்த இடங்கள் வெள்ளையாகத் தெரியும். ஆனால் இழைக்குள் இறங்கும் வேதிச் சாயத்தைத் திரையில் அச்சிட்டால் இந்தச் சோதனையில் அது தப்பிவிடும்.

அதற்கு எலுமிச்சை இருக்கிறது. இரண்டு துணிகளின் மடிப்போரத்திலிருந்தும் ஒவ்வொரு கறுப்பு நூலை உருவி, சாற்றில் அரை மணி நேரம் போட்டுவைத்தேன். பாட்டியின் நூலில் கருமை கரைந்து பழுப்பு மட்டும் மிஞ்சியது. கடைத்துணியின் நூல் போட்டபடியே கறுப்பாகக் கிடந்தது. இரும்புக் கறுப்பு புளிப்புக்குத் தாங்காது. இதைத் துணியின்மேல் ஒருபோதும் செய்துவிடாதே, உருவிய நூலில் மட்டும்தான். அதற்கும் விற்பவரின் அனுமதியைக் கேட்டுக்கொள்.

பழமைக்கு நான் மிகவும் நம்பும் அடையாளமும் அந்தக் கறுப்பிலேயே இருக்கிறது. இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த அந்தக் கறுப்பு, பல பத்தாண்டுகளில் தன் அடியிலுள்ள பருத்தியையே அரித்துவிடுகிறது. பாட்டியின் விரிப்பில் கொடியின் கறுப்புக் கோடு ஓடும் வழியெல்லாம் நூல் உதிர்ந்து ஊசிக்கண் போன்ற ஓட்டைகள் விழுந்திருக்க, ஒட்டியே இருக்கும் சிவப்புப் பூ உறுதியாக இருக்கிறது. பழையதுபோலக் காட்டுவதற்காகக் கல்லில் தேய்த்த துணியில் தேய்மானம் மடிப்புகளிலும் முனைகளிலும் நிறம் பார்க்காமல் விழும். கறுப்புக் கோட்டை மட்டும் தேர்ந்து அரிக்க அவர்களால் முடியாது. ஓட்டையே இல்லாவிட்டால் புதியது என்றும் சொல்லிவிடாதே. நன்றாக அலசி, அதிகம் புழங்காமல் வைத்த துணி நெடுங்காலம் தாங்கும்.

உன் மூன்றாவது படத்தில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. அது எனக்கு நம்பிக்கை தருகிறது. பச்சைக்குத் தனிச்சாயம் கிடையாது. அவுரி நீலத்தின்மேல் மஞ்சளை ஏற்றிப் பச்சையாக்குவார்கள். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிட, நீலம் மட்டும் நிற்கும். ஆயினும் முதலிலேயே நீல இலையாக அச்சிட்டிருக்கவும் கூடும். ஓரத்தின் மடிப்பைச் சற்றே பிரித்து உள்ளே பார்த்தால் விடை கிடைக்கும்: வெளிச்சம் படாத அங்கே பச்சை மிஞ்சியிருந்தால் வெளுப்பு காலத்தால் வந்தது. உள்ளும் புறமும் ஒரே நீலமாக இருந்தால் அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது.

சிவப்பை வைத்து மட்டும் முடிவுக்கு வராதே. மஞ்சிட்டியில் நிறம் தரும் அலிசரின் என்ற பொருளை 1869 முதலே ஐரோப்பாவில் செயற்கையாகச் செய்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே நூறாண்டுப் பழமையான உண்மையான கட்டை அச்சிலும் சிவப்பு ஆலையிலிருந்து வந்ததாக இருக்கலாம். வேரா, ஆலையா என்பதைக் கண்ணாலோ எலுமிச்சையாலோ பிரிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் பார்க்க வேண்டும். "இயற்கைச் சாயம்" என்ற சொல்லுக்காக அவர் கூடுதலாகக் கேட்கும் தொகையை நீ கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சனிக்கிழமை மறுபடி போகும்போது விரிப்பைத் தரையில் முழுவதும் விரிக்கச் சொல்லி, ஒரே பூவை நான்கு இடங்களில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடு. பின்பக்கத்தையும், பிரித்த ஓரத்தின் உட்புறத்தையும் சன்னல் வெளிச்சத்தில் எடு. மஞ்சள் விளக்கில் பச்சையும் நீலமும் குழப்பும். படங்கள் வந்ததும் பாட்டியின் விரிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா