சிறப்பாசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறப்புக் கல்வியில் பி.எட்., டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சிறப்பாசிரியர் நேர்காணல்களில் தேர்வுக் குழுவில் உட்காருகிறவள் நான். அந்த மேசைக்கு வரும் ரெஸ்யூம்களில் பெரும்பாலானவை பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது. "அனைத்து வகைக் கற்றல் தேவைகளையும் கையாண்டுள்ளேன், தனிநபர் கல்வித் திட்டம் தயாரித்துள்ளேன், தெரபிஸ்ட்டுகளுடன் ஒருங்கிணைந்து பணியாற்றியுள்ளேன், பெற்றோர் ஆலோசனைப் பயிற்சி பெற்றுள்ளேன்." நான்கும் அநேகமாக உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் படிக்கிற எங்களுக்கு உங்கள் வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. நல்ல பிள்ளைகள் இதனாலேயே நேர்காணலுக்கு முன்பே கழிக்கப்படுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆர்.சி.ஐ. பதிவு எண்ணையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் முதல் பக்கத்தின் மேலேயே போடுங்கள். எந்தக் குறைபாட்டில் சிறப்புப் படிப்பு என்பதும் அங்கேயே வர வேண்டும். செவித்திறன் குறைபாட்டில் படித்தவர் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான இடத்துக்கு விண்ணப்பிப்பதில் தவறில்லை. அதை மூன்றாம் பக்கத்தில் நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கும்படி வைப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

சரி, இப்போது முக்கியமானதுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அந்த 21ஐயும் ரெஸ்யூமில் வரிசையாக எழுதி வைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். நீங்கள் உண்மையில் கூட உட்கார்ந்து கற்பித்த ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி ஆறேழு வரி எழுதுங்கள். எப்படி என்று ஒரு பையனை வைத்தே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

தளி பக்கத்துப் பையன். வயது ஒன்பது, நான்காம் வகுப்பு, தமிழ் வழி. வீட்டில் கன்னடம். "ஒன்றும் ஏறாது" என்று சொல்லி அனுப்பப்பட்டவன். நம் எல்லையோர ஊர்களில் எந்தச் சிறப்பாசிரியரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது கற்றல் குறைபாடா, அல்லது தமிழ் இன்னும் பழகாததா? அவனுடைய ஆசிரியை கன்னடத்தில் ஒரு கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். கோர்வையாகச் சொன்னான். மனக்கணக்கும் நன்றாக வந்தது. அப்புறம், 'மனெ' என்ற கன்னடச் சொல்லில் 'ம'வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று வாயாலேயே கேட்டார். திணறினான். வேறு சில கன்னடச் சொற்களிலும் அதே கதை. வெறும் தமிழ்ப் பழக்கக் குறைவு என்றால், வீட்டு மொழியில் ஒலியைப் பிரிப்பதில் இவ்வளவு சிரமம் வராது. எனவே மொழிக்கு அப்பாலும் ஏதோ இருக்கிறது என்று முறையான மதிப்பீட்டுக்கு அனுப்பினார். "கற்றல் குறைபாடு என்று கண்டறிந்தேன்" என்று அவர் எழுதவில்லை. அதைச் சொல்ல உளவியலாளர் வேண்டும், சான்றிதழுக்கு அரசு மருத்துவக் குழு வேண்டும். சான்றிதழும் 8 வயதுக்குப் பிறகுதான். "அனுப்பினேன்" என்பதுதான் நம் தொழிலின் எல்லைக்குள் நிற்கும் சொல்.

வாசிப்பில் என்ன சிக்கல் என்று கூர்ந்து பார்த்தபோது 'மலை' என்பதை 'மைல' என்று வாசித்தான். எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும் குறியை அதற்கும் முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடுகிறான். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாவற்றிலும் இதே தவறு. தவறு இன்னதென்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தால் திட்டம் எழுதுவது எளிது. தொடக்க நிலை: இப்படிக் குறி வரும் 20 சொற்களில் 3 சரி. மூன்று மாத இலக்கு: அட்டையில் காட்டினால் யாருடைய உதவியும் இல்லாமல் 20இல் 16, அடுத்தடுத்த இரண்டு அமர்வுகளில். வாரம் நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் அரை மணி. குறியைத் தனி வண்ண அட்டையாகச் செய்து, பிள்ளையே அதை நகர்த்தி அதன் எழுத்தோடு ஒட்ட வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்வது முறை.

மூன்று மாத முடிவில் வந்தது 14. இலக்கு எட்டவில்லை. கொம்பும் ஐகாரமும் சரியாகிவிட்டன. 'கொ', 'கோ' போல இருபுறமும் குறி வரும் எழுத்துகள்தான் நின்றுபோயின. அடுத்த காலாண்டுத் திட்டத்தில் அவற்றை மட்டும் தனி இலக்காகப் பிரித்தார்கள்.

ரெஸ்யூமில் இது இப்படி வரும்: "9 வயது மாணவர், வீட்டு மொழி கன்னடம், வாசிப்பில் கடும் சிரமம். வீட்டு மொழியில் வாய்மொழியாகப் பரிசோதித்து மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். எழுத்துக்கு முன் குறி வரும் சொற்களின் வாசிப்பு மூன்று மாதத்தில் 20இல் 3இலிருந்து 14ஆக உயர்ந்தது, இலக்கு 16. எஞ்சிய பிழைகள் இருபுறக் குறி எழுத்துகளில் மட்டும். திட்டம் அதற்கேற்பத் திருத்தப்பட்டது." அந்த 14ஐ மறைக்காதீர்கள். எல்லா இலக்கும் நூற்றுக்கு நூறு நிறைவேறியதாகச் சொல்லும் ரெஸ்யூமைப் பார்த்தால் எங்களுக்குத் தோன்றுவது இரண்டு: இலக்கு மிகச் சின்னதாக இருந்திருக்கும், அல்லது அளக்கவே இல்லை. நேர்காணலில் "தொடக்க நிலையை எப்படி எடுத்தீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அளந்தவர் யார், வேறொருவர் திட்டத்தைப் பார்த்து எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர், வகுப்பு, குறைபாடு நான்கையும் சேர்த்து எழுதாதீர்கள். அஞ்செட்டி மலைப்பக்கத்துச் சிறு கிராமத்தில் அந்த நான்கும் சேர்ந்தால் பிள்ளையின் பெயரையே எழுதிய மாதிரி. திட்டத்தின் நகலையும் பிள்ளையின் படத்தையும் இணைப்பதும் கூடாது.

தெரபி ஒருங்கிணைப்பு என்ற வரியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். "பிசியோதெரபி அளித்தேன்", "பேச்சுப் பயிற்சி அளித்தேன்" என்று வரும். நீங்கள் பிசியோதெரபிஸ்ட் இல்லை. வட்டார வள மையத்துக்கு அவர் வரும் நாள் ஒன்று, பிள்ளை வகுப்பில் உட்காரும் நாள் பல. அந்தப் பல நாட்களில் அவர் சொன்னது நடக்கும்படி பார்ப்பதுதான் உங்கள் வேலை, அது சின்ன வேலையும் இல்லை. பெருமூளை வாதமுள்ள ஒரு சிறுமிக்குப் பாதம் தரையில் முழுதாகப் படிய உட்கார வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். பெஞ்சு உயரம், கால் தொங்கியது. ஆசிரியை தச்சரிடம் சொல்லிக் காலடியில் பலகை போட்டார். கால் தாங்கியைக் கழற்றும்போது தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினார். அரை மணி ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றதும் அதை மாட்டுவதை நிறுத்தித் தகவல் சொன்னார், தாங்கி சரிசெய்யப்பட்டது. யார் சொன்னது, வகுப்பில் நீங்கள் செய்தது என்ன, எதைக் கவனித்துத் திருப்பிச் சொன்னீர்கள் என்ற மூன்றும் இருந்தால் அந்த வரிக்கு உயிர் வந்துவிடும்.

பெற்றோர் ஆலோசனைப் பயிற்சியைப் பற்றி எழுதும்போது யார் நடத்தியது, எத்தனை நாள், ஆர்.சி.ஐ. தொடர்கல்விப் புள்ளி உண்டா, மேற்பார்வையில் நேரடியாகக் குடும்பங்களோடு பேசிப் பழகினீர்களா என்பதைச் சொல்லுங்கள். ஒரு நாள் இணையவழி வகுப்பு என்றால் ஒரு நாள் என்றே எழுதுங்கள், யாரும் குறைத்து மதிப்பிட மாட்டோம். அந்தப் பயிற்சியை வைத்து "ஆலோசகர்" என்று போட்டுக்கொள்வதுதான் உறுத்தும்.

நம் மாவட்டங்களில் "பெற்றோர்" என்பவர் பெரும்பாலும் பாட்டிதான். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார்கள். பாட்டியிடம் ஒரே நேரத்தில் பத்துப் பயிற்சி சொன்னால் ஒன்றும் நடக்காது. சட்டை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தலையை நுழைப்பது, கைகளை நுழைப்பது எல்லாம் பாட்டி செய்யட்டும். கடைசியில் சட்டையைக் கீழே இழுத்துவிடுவது மட்டும் பிள்ளையின் வேலை. அது பழகியதும் அதற்கு முந்தைய படி. பாட்டி "நானே போட்டுவிட்டால் சீக்கிரம் முடியும்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, காட்டு வேலைக்கு நேரமாகிறதே. அதனால் காலையை விட்டுவிட்டு, மாலையில் குளித்த பிறகு இதைச் செய்யச் சொல்லும் ஆசிரியர்தான் எங்களுக்கு வேண்டும். "பராமரிப்பவர் பாட்டி, உடை அணிவதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கிக் கற்பிக்கப் பயிற்சி கொடுத்தேன், ஊரில் இல்லாத பெற்றோருடன் வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசினேன்" என்று எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

பேச்சுவாக்கில் ஒரு தாய் "இவனையும் கூட்டிக்கொண்டு செத்துவிடலாம் போல இருக்கிறது" என்று சொல்லும் நாளும் வரும். அது நம் பயிற்சிக்கு மேற்பட்டது. அவரைத் தனியே விடாமல் வீட்டில் இன்னொருவரை உடனே வரவழைப்பது, 14416 டெலிமானஸ் எண்ணுக்கோ 104க்கோ அப்போதே பேச வைப்பது, மாவட்ட மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்வது, இவை உங்களுக்குத் தெரியுமா என்று நேர்காணலில் கட்டாயம் கேட்பேன். தெரியும் என்றால் ரெஸ்யூமிலும் ஒரு வரி இருக்கட்டும்.

புதிதாகப் படித்து முடித்தவர்கள், "எங்களிடம் அனுபவமே இல்லையே" என்பீர்கள். கற்பித்தல் பயிற்சியில் ஒரு பிள்ளைக்காவது திட்டம் எழுதி நடத்தியிருப்பீர்கள். அதை மேலே சொன்ன முறையில், பயிற்சிக் காலத்தில் மேற்பார்வையாளரின் கீழ் செய்தது என்று சொல்லியே எழுதுங்கள். தெலுங்கோ கன்னடமோ பேசத் தெரிந்தால் அதைக் கடைசி வரியில் "மொழிகள்" என்று ஒதுக்காமல் முதல் பக்கத்தில் போடுங்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் பிள்ளையின் வீட்டு மொழியில் பேசிப் பார்க்க முடிகிறவர் கிடைப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். மொத்தம் இரண்டு பக்கம் போதும். அசல் பதிவுகளைத் தனிக் கோப்பில், பெயர்களை மறைத்து, நேர்காணலுக்கு எடுத்து வாருங்கள். நாங்கள் கேட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
தேர்வுக் குழுவில் உட்காரும் ஒரு மூத்த சிறப்பாசிரியை,
தருமபுரி