ஸ்கிரீன்ஷாட்டைத் தவறாகப் படித்துச் சொன்ன ஆலோசனை குறித்த புகார்

அனுப்புநர்:
பிரீபெய்டு வாடிக்கையாளர், காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி, வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: தினசரி 1.5 ஜிபி டேட்டா காலையிலேயே தீர்வது, அதற்குத் தரப்பட்ட தவறான ஆலோசனை, வீணான வவுச்சர் தொகை.

ஐயா/அம்மா,

இணைப்பில் உள்ள எண்ணின் கீழ் பதிவான புகாரை, "உங்கள் பயன்பாடுதான் அதிகம்" என்று சொல்லி உங்கள் மையம் முடித்துவிட்டது. அந்த முடிவை ஏற்க இயலாததால் இந்த மேல்முறையீடு.

போனின் டேட்டா பயன்பாட்டுத் திரையை 22ஆம் தேதி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினோம். அதில் 1ஆம் தேதி முதல் மொத்தம் 27.4 ஜிபி என்று இருந்தது. யூடியூப் 9.1, இன்ஸ்டாகிராம் 6.8, பிளே ஸ்டோர் 4.2, வாட்ஸ்அப் 3.3, கூகுள் போட்டோஸ் 2.4, மற்றவை 1.6. பட்டியலில் முதலில் இருப்பது யூடியூப் என்பதால் அதைக் குறைக்கும்படியும், போனில் Data limit என்ற இடத்தில் 1.5 ஜிபி வைக்கும்படியும் உங்கள் ஊழியர் சொன்னார். இரண்டுமே தவறு.

முதலில் லிமிட். ஆண்ட்ராய்டில் அது ஒரு நாளுக்கானது அல்ல, போன் வைத்திருக்கும் மாதச் சுழற்சி முழுவதற்குமானது. அந்தச் சுழற்சி 1ஆம் தேதி தொடங்கியிருந்தது. 27.4 ஜிபி ஏற்கெனவே ஓடிய போனில் 1.5 என்று வைத்ததுமே மொபைல் டேட்டா அடியோடு நின்றது. மீண்டும் அழைத்தபோது, அன்றைய கோட்டா தீர்ந்திருக்கும், வவுச்சர் போடுங்கள் என்றார்கள். 19 ரூபாய்க்குப் போட்டும் வரவில்லை. அடைத்தது போன், உங்கள் நெட்வொர்க் அல்ல. வவுச்சர் நள்ளிரவோடு காலாவதியானது.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கோட்டா தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கி வாட்ஸ்அப் எழுத்துச் செய்தியாவது ஊர்ந்து போகும். போனின் லிமிட் என்றால் எதுவுமே போகாது, லிமிட் எட்டிவிட்டதாக அறிவிப்பும் மேலே நிற்கும். அந்த ஒரு கேள்வியை ஊழியர் கேட்டிருந்தால் 19 ரூபாய் மிச்சம்.

இனி யூடியூப். 27.4 ஜிபியை 22 நாளுக்கு வகுத்தால் நாளுக்குச் சுமார் 1.25 ஜிபிதான் வருகிறது, கோட்டாவுக்குள் அடங்குகிறது. ஆகவே கேட்க வேண்டியது எந்தச் செயலி அதிகம் என்பதல்ல, எந்தச் செயலி எந்த நேரத்தில் எடுக்கிறது என்பது. பட்டியலில் ஒரு செயலியைத் தொட்டால் Foreground, Background என்று இரண்டு எண் வரும். யூடியூபில் 9.0 ஜிபி Foreground, அதாவது ஆள் பார்த்தது. பிளே ஸ்டோரில் 4.1, போட்டோஸில் 2.3 ஜிபி Background. யாரும் திரையைப் பார்க்காதபோது போன 6.4 ஜிபி இது.

நேரத்தை அறிய, லிமிட்டை நீக்கிய பின் 23ஆம் தேதி இரவு 11.55க்கும் 24ஆம் தேதி காலை 6 மணிக்கும் அதே திரையை எடுத்து ஒப்பிட்டோம். மொத்தம் 28.6இலிருந்து 29.7 ஆகியிருந்தது. பிளே ஸ்டோர் 4.2இலிருந்து 4.9, போட்டோஸ் 2.4இலிருந்து 2.8. யூடியூப் அசையவே இல்லை. வீட்டில் வைஃபை கிடையாது, இரண்டு செயலிகளும் மொபைல் டேட்டாவிலும் இயங்கும்படி இருந்தன. போனைச் சார்ஜில் போட்டுத் தூங்கும் நேரம்தான் அப்டேட்டுக்கும் பேக்கப்புக்கும் வசதி. 12 மணிக்குப் புதிய கோட்டா பிறந்ததும் அதில் 1.1 ஜிபியை அவை எடுத்துக்கொண்டன. விடிந்தபோது மிஞ்சியது 0.4.

உங்கள் மையம் சொல்லியிருக்க வேண்டியவை இவை. பிளே ஸ்டோரில் தானியங்கி அப்டேட்டை முழுதாக நிறுத்தச் சொல்லலாம். இரவு 10 மணிக்கு மேல் மிஞ்சியிருக்கும் கோட்டாவில், தேவையான இரண்டு மூன்று செயலிகளைக் கையால் அப்டேட் செய்தால் எப்படியும் காலாவதியாக இருந்த டேட்டாவே அதற்குப் போதும். போட்டோஸில் மொபைல் டேட்டாவுக்கு நாளொன்றுக்கு 30 எம்பி வரம்பு வைத்து, வீடியோ பேக்கப்பை அணைக்கலாம். யூடியூபைத் தொடவே வேண்டாம். போனின் Data limit தினசரி கோட்டாவுக்கு உதவாது. வெறும் எச்சரிக்கை வைப்பதானாலும், ரீசார்ஜ் 28 நாள், போனின் சுழற்சி மாதக்கணக்கு என்பதால் ஒவ்வொரு ரீசார்ஜுக்குப் பிறகும் தொடக்கத் தேதியை மாற்ற வேண்டும்.

எனவே, 19 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கடந்த 28 நாளில் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை பதிவான பயன்பாட்டை நாள்வாரியாகத் தர வேண்டும். போன் காட்டும் கணக்கோடு ஒப்பிட அது தேவை. தினசரி கோட்டா வாடிக்கையாளர்களுக்கு Data limit வைக்கச் சொல்லும் வாசகத்தை உங்கள் ஊழியர்களின் பதில் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

மூன்று ஸ்கிரீன்ஷாட்களும் வவுச்சர் ரசீதும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்