சேலத்து ஆய்வாளர்களுக்கும் நெறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

போன மாதம் ஒரு மாணவி, ஆங்கில ஆய்வேட்டின் நூற்பட்டியலிலிருந்து குறித்த சீட்டோடு எங்கள் நூலகத்துக்கு வந்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்: `Iyer, U.V.S., En Charitram`. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' என்று உடனே புரிந்தது. நூல் அவ்வளவு பிரபலம் என்பதால் புரிந்தது. சேர்வராயன் மலையைப் பற்றி நம் ஊர் அச்சகத்தில் அடித்த சின்னப் புத்தகமாக இருந்திருந்தால், அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யாரும் எதையும் தேடியிருக்க முடியாது.

பிழை முதல் சொல்லிலேயே தொடங்குகிறது. ஐயர் என்பது குடும்பப் பெயர் அல்ல. நூலகப் பட்டியல்களில் அவர் சாமிநாதையர் என்ற பெயரில்தான் இருப்பார். 'வே' என்ற தலைப்பெழுத்தும் வெறும் V ஆகிவிட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் முதலிய பெரிய பட்டியல்கள் தமிழை ரோமன் எழுத்தில் தரப் பின்பற்றும் முறையில் எழுதினால் இப்படி வரும்:

```
Cāminātaiyar, U. Vē. Eṉ carittiram. 1950.
```

ச எப்போதும் c, ட எப்போதும் ṭ, ன என்றால் ṉ, ழ என்றால் ḻ. ஒலிப்பைப் பார்க்காமல் எழுத்துக்கு எழுத்து மாற்றுவதால்தான் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவர முடிகிறது. வெறும் `kal` என்று எழுதினால் அது கல்லா, கள்ளா, காலா? `kal`, `kaḷ`, `kāl` என்று எழுதினால் சந்தேகமே இல்லை. தமிழில் பெரிய எழுத்து கிடையாது என்பதால் தலைப்பின் முதல் சொல்லுக்கும் சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் அதைக் கொடுத்தால் போதும்.

இந்த முறையிலும் ஒரு சங்கடம் உண்டு, மறைக்க வேண்டாம். நம் சேலமே `Cēlam` ஆகி, S-இல் தேடுபவர் கண்ணுக்குப் படாமல் C-க்குப் போய்விடும். ஏற்காடு `Ēṟkāṭu` ஆகும். Yercaud தேடுபவர் Y-யில் நிற்பார். அதனால் பதிப்பித்த ஊரை வழக்கமான ஆங்கில எழுத்திலேயே விடுங்கள். ஆசிரியர் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலில் அறியப்பட்டவர் என்றால், அந்தப் பெயரின் இடத்தில் 'இங்கே பார்க்க' என்று ஒரு வரி சேருங்கள். Swaminatha Iyer என்று S-இல் தேடி வருபவர் அந்த வரியைப் பிடித்து C-க்குப் போய்விடுவார்.

அப்புறம் வரிசை. மேற்கோடும் கீழ்க்கோடும் கீழ்ப்புள்ளியும் இல்லாததுபோல் பாவித்து அடுக்க வேண்டும்: ā, a இரண்டும் ஒன்றே. சில கணினி நிரல்கள் எழுத்தின் குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கி, `Ēṟkāṭu`வை Z-க்கும் கீழே தள்ளிவிடும். பட்டியலின் கடைசியில் குறியிட்ட எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் மட்டும் கும்பலாகக் கிடந்தால் இதுதான் நடந்திருக்கிறது. கையால் எடுத்து உரிய இடத்தில் வையுங்கள்.

உங்கள் நடைக்கையேடு இடம் தந்தால், ஒலிபெயர்ப்பை அடுத்துத் தமிழ் எழுத்திலும் ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் போடுங்கள். அந்த மாணவியின் சீட்டில் தமிழில் 'என் சரித்திரம்' என்று மட்டும் இருந்திருந்தால், அவர் என்னைக் கேட்காமலே அலமாரிக்குப் போயிருப்பார்.

இப்படிக்கு,
சேலத்து நூலகர் ஒருவர்