உங்கட ‘அசிட் ஃப்ரீ’ மவுண்டும் ‘யூவி’ கண்ணாடியும் நாசமாக்கின சரஸ்வதி படம் சம்பந்தமா: நாலாவது கடிதம், இதுதான் கடைசி

மனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். இதுக்கு முதல் மூண்டு தரம் எழுதிட்டன், மூண்டுக்கும் “உங்கள் முறைப்பாடு கிடைத்தது” எண்டு ஒரே பதில்தான் வந்தது, கிடைச்சத வச்சு என்ன செய்தீங்கள் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. அதால இந்த முறை கொஞ்சம் நீளமா எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

2022 தை மாசம் உங்கட நுகேகொட கிளையில குடுத்த படம் அது. எங்கட அம்மம்மாவின்ட கல்யாணத்துக்கு வந்த ரவிவர்மா அச்சகத்துச் சரஸ்வதி லித்தோ, கீழ் மார்ஜின்ல அச்சகத்தின்ட பேர் பொடி எழுத்தில இருக்கு. 1894ல பம்பாயில தொடங்கின அச்சகம் அது, கல்லில ஒவ்வொரு நிறமா அடிச்செடுத்த படம், இண்டைக்கு கம்ப்யூட்டர்ல அடிக்கிறதில்ல. 95ல வலிகாமத்த விட்டு வெளிக்கிடேக்க அம்மா உடுப்பு விட்டிட்டு இத சீலைக்குள்ள சுத்திக் கொண்டுவந்தவ. பிறகு 26 வருஷம் தகரப்பெட்டிக்குள்ள இருட்டில கிடந்தது, நிறம் ஒரு பொட்டும் போகேல்ல. உங்கட ஃப்ரேமுக்குள்ள மூண்டே முக்கால் வருஷம் இருந்தது, முடிஞ்சுது.

உங்கட பில்லில என்ன எழுதிக் கிடக்கு எண்டு உங்களுக்கே தெரியும், எண்டாலும் சொல்லுறன்: “மியூசியம் கிரேட், அசிட் ஃப்ரீ மவுண்ட், யூவி கிளாஸ்”, 46,500 ரூபா. சாதாரண ஃப்ரேமுக்கு 9,000 எண்டு சொன்னவங்கள், மிச்சக் காசு முழுக்க அந்த ரெண்டு சொல்லுக்காகத்தான் குடுத்தனான்.

போன சரஸ்வதி பூசைக்கு துடைக்க எண்டு கழட்டேக்கதான் கண்டன். மவுண்ட் மட்டையில ஜன்னல் மாதிரி வெட்டியிருக்கிற இடத்தில சரிஞ்ச விளிம்பு இருக்கெல்லோ, அது வெள்ளையா இருந்தது பிஸ்கட் நிறமாப் போயிட்டுது. மட்டையின்ட முகம் மட்டும் இப்பவும் வெள்ளை. அந்த விளிம்பு படத்தில படுற இடம் முழுக்க, நாலு பக்கமும் அளவுகோல் வச்சுக் கீறின மாதிரி ஒரு மண்ணிறக் கோடு, கீழ அச்சகத்தின்ட பேருக்கு மேலாலயே போகுது.

இதுக்கு உங்கட ஹொட்லைன்ல இருந்த பிள்ளை சொன்ன பதில் என்ன தெரியுமோ? “அன்ட்டி, கிழவிக்கு மேக்கப் போட்டாலும் கிழவி தானே, பழைய பேப்பர் மஞ்சளாகத்தான் போகும். புறக்கோட்டையில 300 ரூபாக்கு புதுச் சரஸ்வதி இருக்கு.” எனக்கு 58 வயசு, 31 வருஷம் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனான், என்னோட ஒருத்தரும் இப்பிடிக் கதைச்சதில்ல. அந்தக் கோல் ரெக்கோர்ட் பண்ணுப்படும் எண்டு உங்கட மெஷின்தான் முதல்ல சொல்லுது, எடுத்துக் கேளுங்கோ, 14ம் திகதி காலமை 11 மணி போல.

பழைய பேப்பர் தானா மஞ்சளாகிறது எண்டா முழுக்க ஒரே மாதிரி ஆகும், இல்லாட்டி ஓரங்களால தொடங்கும். ஜன்னல் விளிம்புக்கு நேரா, அஞ்சு மில்லிமீட்டர் அகலத்தில, மூலைக்கு மூலை திரும்பி ஓடுற கோடு பேப்பருக்குத் தானா வராது. அது மட்டையில இருந்து வாற அசிட் சுட்ட அடையாளம். இத எனக்கு விளங்கப்படுத்தினது மருதானைப் பக்கம் இருக்கிற ஒரு வயசான ஃப்ரேம் பாஸ், அவர் கடையில ஏசியும் இல்ல, மியூசியம் கிரேட் எண்டு போர்டும் இல்ல.

அவர் எனக்கு முன்னாலதான் திறந்தவர். மட்டையில ஒரு துண்டு வெட்டிக் காட்டினார். மேலயும் கீழயும் மெல்லிய நல்ல பேப்பர், நடுவில மரக்கூழ். மரத்தில இருக்கிற லிக்னின் எண்ட சாமான எடுக்காமல் அரைச்ச மலிவுக் கூழ், நியூஸ்பேப்பர் வெயில்ல மஞ்சளாகிறதும் அதாலதான். அதுக்குள்ள கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் சேத்து விக்கேக்க அசிட் இல்ல எண்டு சொல்லலாம், ஆனா லிக்னின் பழசாகப் பழசாக புதுசா அசிட் வந்துகொண்டே இருக்கும், சுண்ணாம்பு முடிஞ்சா அவ்வளவுதான், எங்கட கொழும்புப் புழுக்கத்துக்கு இன்னும் கெதியா. மேல் பேப்பர் கொஞ்சம் மறிக்கும். சரிவா வெட்டின விளிம்பிலதான் நடுக்கூழ் மூடாமல் படத்துக்குப் பக்கத்தில நிக்குது, அதாலதான் கோடு அங்க விழுது. பருத்தியில செய்த மட்டை, இல்லாட்டி லிக்னின் எடுத்த கூழ்ல செய்த மட்டை எண்டா வெட்டின விளிம்பு பத்து வருஷம் போனாலும் மட்டையின்ட முகம் மாதிரியே வெள்ளையா இருக்கும். இவ்வளவுதான் சோதனை, விளிம்பப் பாத்தாலே காணும். மூண்டு கிளை வச்சு நடத்துற உங்களுக்கு இது தெரியாது எண்டு நான் நம்பவே இல்ல, தெரிஞ்சுதான் வித்தனீங்கள்.

நம்பாட்டி இன்னும் கேளுங்கோ. மருமகன் டொரொண்டோவில இருந்து பி.எச் பேனா ஒண்டு கொண்டுவந்தவர். அசிட் இல்லாத பேப்பர்ல கீறினா ஊதாவா வரும், அசிட் எண்டா மஞ்சளாவே நிக்கும். உங்கட மட்டையின்ட மேல் பேப்பர்ல கீறினன், ஊதா. வெட்டின நடுவில கீறினன், மஞ்சள். (மட்டையிலதான் கீறினது, படத்தில அந்தப் பேனா படவே கூடாது, அந்தக் கறை போகாது.) அந்தத் துண்ட கவருக்குள்ள போட்டு வச்சிருக்கிறன்.

அதுக்குள்ள அந்தப் பயணத்தச் சொல்லோணும். ஹொட்லைன்ல “ஃப்ரேமோட வாங்கோ, கட்டாயம் பாப்பம்” எண்டு ஒரு நாள் குறிச்சுத் தந்தவங்கள். நான் வெள்ளவத்தையில இருந்து ஓட்டோ பிடிச்சு, மழைக்கு ரெண்டு பொலித்தீன் சுத்தி, மடியில வச்சுக்கொண்டு போனா கடை பூட்டு. போயா! போயா நாள் எண்டு கலண்டர்ல சிவப்பா போட்டிருக்கு, நீங்களே நாள் குடுத்திட்டு நீங்களே பூட்டிட்டுப் போயிட்டீங்கள். போகவர ஓட்டோவுக்கு 2,200. அடுத்த தரம் போக, வேர்க்ஷொப் பிலியந்தலையில, அங்க போங்கோ எண்டாங்கள். அங்க போனா செக்யூரிட்டி மாத்தையா கேட் திறக்கேல்ல, கஸ்டமர் உள்ள வரேலாதாம். மழைக்குள்ள படத்தோட ரோட்டில நிண்டனான். உங்கட அம்மாவை அப்பிடி நிக்க விடுவீங்களோ?

கண்ணாடிக்கு வாறன். கவுண்டர்ல இருந்த தம்பி (பாவம், அவர் மரியாதையான பிள்ளை) “மிஸ், முகம் தெரியாத மாதிரி இருக்குப் பாருங்கோ, அதுதான் யூவி கிளாஸ்” எண்டார். முகம் தெரியாம இருக்கிறதுக்கு கண்ணாடியை ஒரு பக்கம் சொரசொரப்பாக்கிறது, வெளிச்சம் திருப்பி அடிக்காது, அவ்வளவுதான். யூவி கதிர மறிக்கிறது அதில்ல, அதுக்கு கண்ணாடியில தனியா பூச்சு வேணும். ரெண்டும் ரெண்டு சாமான். மச்சானின்ட ஃபார்மசியில கள்ள நோட்டுப் பாக்கிற டியூப் லைட் இருக்கு, அதால பாத்தம். உங்கட கண்ணாடிக்குப் பின்னால வெள்ளை ஃபோட்டோகொப்பி பேப்பர் வச்சு முன்னால லைட் அடிச்சா, கண்ணாடியே இல்லாத மாதிரி பேப்பர் நீலமா மின்னுது. பாஸ் தந்த உண்மையான யூவி கண்ணாடித் துண்டுக்குப் பின்னால அதே பேப்பர் மின்னவே இல்ல. சாவிக்கொத்தில தொங்குற ஊதா டோர்ச்ச அடிச்சு “ரெண்டும் மின்னுது பாருங்கோ” எண்டு எனக்குக் கதை விடவேண்டாம், மலிவு டோர்ச்சில கனதரம் வாறது கண்ணுக்குத் தெரியிற ஊதாவோட ஒட்டின கதிர், அத நல்ல கண்ணாடியும் விடும்.

மட்டைக்குக் கீழ மறைஞ்சிருந்த ஓரத்தில சரஸ்வதி அம்மாவின்ட சீலைக் கரை அரைவாசி விழுந்திருக்கு. மறைஞ்ச பக்கம் அம்மம்மா காலத்துச் சிவப்பு, கோட்டுக்கு இங்கால ரோசாப்பூ காஞ்ச நிறம். அதப் பாத்து நான் அழுதனான், எழுத வெக்கமா இருக்கு, எண்டாலும் எழுதுறன்.

என்ட பிழையும் இருக்கு, மறைக்கேல்ல. பல்கனிக்கு எதிர்ச் சுவரில கொழுவினனான், பின்னேர வெயில் நேர படாது, ஆனா வெளிச்சம் நல்லா வரும். நல்ல யூவி கண்ணாடி போட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியிற வெளிச்சமும் நிறத்தக் கொல்லும், கண்ணாடி அதைக் கொஞ்சம் பிந்தவைக்கும் அவ்வளவுதான் எண்டு பாஸ் சொன்னார். மியூசியத்தில பேப்பர் படங்களுக்கு 50 லக்ஸ் மட்டும்தானாம், எங்கட ஹோலில பகல்ல அதுக்குப் பல மடங்கு. ஆனா இத எனக்குச் சொல்லவேண்டியது ஆர்? “யூவி இருக்கு மிஸ், எங்கயும் கொழுவலாம்” எண்டு சொல்லி அனுப்பினது உங்கட கடை.

ஒட்டினதப் பற்றிக் கதைச்சா எனக்கு பிரஷர் ஏறும். நாலு பக்கமும் டபுள் டேப்! பேப்பர் ஈரக்காத்துக்கு விரியும், காய்ஞ்சா சுருங்கும், அதால மேல் விளிம்பில மட்டும் ரெண்டு சின்ன ஜப்பான் பேப்பர்த் துண்டால, கோதுமை மாப் பசையில தொங்கவிடோணும், தண்ணியால கழட்டவும் ஏலும். நாலு பக்கமும் இறுக்கினபடியா நடுவில அலை அலையா எழும்பிக் கிடக்கு. டேப் பசை பேப்பருக்குள்ள ஊறிட்டுது. பாஸ் கை வைக்க மாட்டன் எண்டிட்டார், பேப்பர் திருத்துற ஆள்தான் வேணுமாம். விலை பேசேலாத ஒரு பொருளை, ஒரு பரம்பரையின்ட ஒரே மிச்சத்தை, 200 ரூபா டேப்பால முடிச்சிட்டீங்கள்.

நான் கேக்கிறது பெருசா ஒண்டுமில்ல. 46,500ம் திருப்பித் தாங்கோ. டேப் கழட்டி கறை குறைக்கிறதுக்கு வாற செலவை பில்லப் பாத்துத் தாங்கோ. புது ஃப்ரேம் செய்து தாறம் எண்டு சொல்லவேண்டாம், படத்த திரும்ப உங்கட கையில தரமாட்டன். அந்த ஹொட்லைன் பிள்ளை எனக்கு ஒரு மன்னிப்புச் சொல்லோணும், அவவின்ட வேலையை எடுக்கச் சொல்லேல்ல.

இந்தக் கடிதம் கிடைச்சு 14 நாளுக்குள்ள பதில் வராட்டி நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் போவன், 1977க்கு அடிச்சுக் கேட்டும் வச்சிருக்கிறன். பில், மட்டைத் துண்டு, கண்ணாடி, ஃபோட்டோ 23, எல்லாம் கையில. தேவையில்லாமல் அலுப்படிக்கிற ஆள் இல்ல நான், இப்பவும் நீங்கள் மரியாதையா ஒரு கோல் எடுத்தா கதைக்க விருப்பம்தான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுங்கோ.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து உங்கட (முன்னாள்) கஸ்டமர்

பி.கு: உங்கட நுகேகொட கடை ஜன்னல்ல சம்பிளுக்கு வச்சிருக்கிற புத்தர் படத்திலயும் மவுண்ட் விளிம்பு பிஸ்கட் நிறமா வரத் தொடங்கிட்டுது. போன கிழமை பஸ்ஸுக்கு நிக்கேக்க கண்டனான்.