அடித்து எழுதிய விலைக்கும் ஒரு கட்டம் கொடுங்கள்

மதிப்புக்குரிய விலைப்பட்டியல் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். குழாய் இணைப்புகள் பக்கத்தில் இரண்டு பொருள்கள் பழைய விலையோடு வெளியானது பற்றி நீங்கள் அனுப்பிய குறிப்பு கிடைத்தது. "தட்டச்சு செய்பவர்கள் கவனமாக இருக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கோளாறு எங்கள் கவனத்தில் இல்லை, எங்களிடம் கொடுத்திருக்கும் அட்டவணையில் இருக்கிறது.

கடைக்காரர் கையால் எழுதிய விலைத்தாளின் படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் தட்டச்சு செய்கிறோம். அந்தப் பக்கத்தின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் வரியில் அரை அங்குல எல்போ, விலை 48. அதற்குக் கீழே அதே அளவில் டீ, சாக்கெட். இரண்டுக்கும் எண் இல்லை, டிட்டோ குறி மட்டும். பிறகு எப்போதோ கடைக்காரர் 48-ஐ அடித்துவிட்டு மேலே 54 என்று எழுதியிருக்கிறார். டிட்டோ குறிகளை அவர் தொடவில்லை.

இப்போது டீயின் விலை என்ன? 48 இருந்த காலத்தில் போட்ட டிட்டோ என்றால், அது எல்போவோடு சேர்ந்து 54-க்கு ஏறியதா, பழைய விலையிலேயே நின்றதா என்று படம் சொல்லாது. 54 எழுதிய பிறகு சேர்த்த வரி என்றால் விலை 54, சந்தேகமே இல்லை. அதே பக்கத்தில் வேறு ஒரு டிட்டோவையாவது அவர் அடித்துத் தனியாக விலை எழுதியிருந்தால், வரி வரியாகத் திருத்துகிறவர் என்று ஊகிக்கலாம், தொடாததைப் பழைய விலை என்று எடுக்கலாம். அந்தத் துப்பும் இங்கே இல்லை.

இதைத் தீர்த்துவைக்கக்கூடியது மையின் நிறம் ஒன்றுதான். முதலில் எழுதிய பேனா ஒன்று, திருத்திய பேனா வேறு என்றால், டிட்டோ எந்த மையில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் கடைக்காரர் எடுத்த வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுருக்கி, அதன் பிறகே எங்களுக்கு அனுப்புகிறீர்கள். இரண்டு மையும் ஒரே கறுப்பு. கோடு போட்ட தாளாக இருந்தால் இன்னும் விசேஷம்: அச்சுக்கோடு எண்ணின் நடுவே ஓடினால் அதுவும் அடித்தல் மாதிரியே தெரிகிறது.

சரி, தெரியவில்லை என்று விட்டுவிடலாம் என்றால் உங்கள் அட்டவணை விடாது. விலைக் கட்டம் எண்ணை மட்டும் ஏற்கும். காலியாக விட்டால் கோப்பு திரும்பி வந்துவிடும். அதாவது ஊகித்து எழுதச் சொல்வதும் நீங்கள், ஊகம் தவறினால் குறிப்பு அனுப்புவதும் நீங்கள்.

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. அட்டவணையில் கூடுதலாக இரண்டு பத்திகள் வேண்டும். ஒன்றில் படத்தில் உள்ளதை அப்படியே எழுதுவோம், அடித்த எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டு. இன்னொன்றில் அந்த விலையின் நிலை.

```
பொருள்   | படத்தில் உள்ளபடி | விலை | நிலை
எல்போ ½ | [48] 54        | 54   | திருத்தியது
டீ ½     | டிட்டோ          |      | கடையைக் கேட்க
```

அடிபடாமல் கடைசியாக எழுதப்பட்ட எண்ணே விலை. பெரிய எண்ணோ, வலது ஓரத்தில் இருப்பதோ அல்ல. இருந்த எண்கள் எல்லாமே அடிபட்டிருந்தால் விலை காலி. கோடு எண்ணோடு நிற்காமல் பொருளின் பெயரையும் சேர்த்து ஓடினால், அந்தப் பொருளையே நிறுத்திவிட்டார்கள் என்று பொருள் கொள்ளலாம். அதையும் கேட்டுத்தான் நீக்க வேண்டும். இந்த விதிகளை எழுதிவைக்க அரைப் பக்கம் போதும். இப்போதோ ஆளுக்கொரு விதி.

இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து ஒப்பிடுகிறோமே என்பீர்கள். இருவருமே 48 என்று ஊகித்தால் ஒப்பீடு இனிதே முடியும். சரிபார்ப்பவரும் படத்தைப் பார்ப்பார், 48 அங்கே இருக்கத்தான் செய்கிறது, டிக் போடுவார். பிறகு மாதக் கூட்டத்தில் எழுத்துக்கு எழுத்து எவ்வளவு துல்லியம் என்று வண்ண வண்ணமாக வரைபடம் காட்டுவீர்கள். வண்ணம் அங்கே மட்டும் எப்படியோ தப்பித்து வந்துவிடுகிறது. அடித்த விலையைப் பிழையே இல்லாமல் தட்டச்சு செய்தாலும் அந்தக் கணக்கில் முழு மதிப்பெண்தான்!

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: அந்த இரண்டு பத்திகளைச் சேர்த்து, விலைக் கட்டத்தைக் காலியாக விட அனுமதியுங்கள். படங்களை வந்தபடியே வண்ணத்தில் அனுப்புங்கள். அட்டவணையை மாற்ற நாளாகும் என்றால், அதுவரை சந்தேக வரிகளைத் தனித் தாளில் எழுதித் தருகிறோம். கடைக்காரரிடம் யார் கேட்பது என்று மட்டும் முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தட்டச்சுப் பிரிவிலிருந்து ஒருவர்