எங்கள் மூன்று டிக்கட்டுகளும் உங்கள் இரத்துக் கட்டணமும்: ஹட்டன் பயண முகவர் நிலையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு மூன்று டிக்கட் எடுத்து, அம்மா இறந்ததால் போக முடியாமல் போனவன். இதுவரை நான்கு தரம் உங்கள் கவுன்டருக்கு வந்துவிட்டேன். மூன்று டிக்கட்டுக்கும் ஒவ்வொன்றுக்கு 19,500 ரூபாய்ப்படி மொத்தம் 58,500 ரூபாயைக் கழித்த பற்றுச்சீட்டு இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது. அந்தக் கட்டணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வாய்ப்பேச்சில் கேட்டது எடுபடவில்லை, அதனால் எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை இரவு அம்மா லயத்து வீட்டிலேயே போய்விட்டார். எங்கள் விமானம் வியாழன் இரவு. புதன் காலை, வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் எழுதினேன். ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் விமானத்தை விட்டவர்கள் அல்ல நாங்கள். இதை உங்கள் ஊழியரும் மறுக்கவில்லை. நெருங்கிய குடும்பத்தில் மரணம் என்றால் விமானக் கம்பனி தன் கட்டணத்தை விட்டுக்கொடுக்கும் வழி உண்டு, மரண அத்தாட்சிப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்று சொன்னதும் அவர்தான்.

கொண்டுவந்தேன். வீட்டில் நடந்த மரணம் என்பதால் தோட்டக் கந்தோரில் கடிதம், கிராம சேவகரிடம் அறிக்கை, அப்புறம் பதிவாளர் என்று அலைந்து, எட்டாம் நாள் முடிந்த பிறகுதான் பத்திரம் கைக்கு வந்தது. அதை உங்கள் ஊழியர் ஒரு நிமிடம் பார்த்தார். பாஸ்போர்ட் பிரதியைப் பக்கத்தில் வைத்தார். "பெயர் ஒத்துவரவில்லை" என்றார்.

உண்மைதான். பாஸ்போர்ட்டிலும் டிக்கட்டிலும் அம்மா லெட்சுமி. மரணப் பத்திரத்தில் லெச்சமி. தகவல் சொல்லப் போன மாமா, தோட்டத்தில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரிச் சொல்லியிருக்கிறார், எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். துக்க வீட்டிலிருந்து போன மனிதர் எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டா நிற்பார்?

மலையகத்தில் கடை நடத்துகிற உங்களுக்கு இது புதிதா ஐயா? எங்கள் வீடுகளில் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டச் செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். பெயரைச் சொன்னவர் ஒரு மொழி, எழுதியவர் வேறு மொழி. அம்மா ஓய்வுபெற்று ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போனபோதும் இதே தொல்லைதான். சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் தந்தார்கள். அதனால் இந்தமுறையும் அதையே செய்தேன். லெட்சுமியும் லெச்சமியும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி, அடையாள அட்டை இலக்கத்தைக் குறிப்பிட்டுக் கிராம சேவகர் கொடுத்த கடிதம், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். சிங்களத்தில் இருந்த பத்திரத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பும் எடுத்தேன். அரசாங்கத்துக்குப் போதுமான கடதாசி உங்களுக்குப் போதவில்லை. "கம்பனி ஏற்றுக்கொள்ளாது" என்று அங்கேயே திருப்பித் தந்துவிட்டார்கள்.

கம்பனியிடம் கேட்டீர்களா? இல்லை. கொழும்பிலுள்ள விமானக் கம்பனி அலுவலகத்துக்கு நானே பேசினேன். முகவர் மூலம் எடுத்த டிக்கட்டுக்கு முகவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், பத்திரங்களை அனுப்பினால் பார்ப்போம் என்றார்கள். ஆக, அவர்கள் இன்னும் மறுக்கவே இல்லை. அவர்கள் சார்பில் நீங்கள் மறுத்திருக்கிறீர்கள். 19,500 ரூபாயில் 12,000 கம்பனிக்கு, மீதி 7,500 உங்கள் சேவைக் கட்டணம் என்று உங்கள் பற்றுச்சீட்டே சொல்கிறது. அந்த 7,500 ரூபாய்க்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, நீங்கள் மனம் வைத்தால் முடிகிற காரியம். என் டிக்கட்டுக்கும் மனைவியின் டிக்கட்டுக்கும்கூட ஏதோ ஒரு நியாயம் சொல்லலாம். இறந்த மனுஷியின் டிக்கட்டுக்கும் அதே 7,500 போட்டு, காரணம் என்ற இடத்தில் "பயணி விருப்பப்படி இரத்து" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எந்த விருப்பத்தில் சேர்ப்பது?

அம்மாவின் விருப்பம் என்னவென்று சொல்கிறேன். அவருடைய அக்கா, என் பெரியம்மா, ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியப் பிரஜையாகி, 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனவர். இப்போது கூடலூர்ப் பக்கம் இருக்கிறார். அக்காவும் தங்கையும் அதன் பிறகு போனில்தான் பேசியிருக்கிறார்கள். இந்தப் பயணம் அதற்குத்தான். பாஸ்போர்ட்டுக்குக் கைநாட்டு வைக்க மாட்டேன், கையெழுத்துத்தான் போடுவேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேத்தி எழுதிக் கொடுத்ததைப் பார்த்து இரண்டு வாரம் எழுதிப் பழகினார். கொழுந்து பறித்துக் காய்த்த விரல், பேனையை அழுத்திப் பிடித்ததில் 'ட்' போடுகிற இடத்தில் தாள் கிழிந்தேபோனது. அந்த எழுத்துத்தான் இன்று மரணப் பத்திரத்தில் இல்லை என்று நீங்கள் சொல்கிற எழுத்து.

58,500 ரூபாய் உங்களுக்குப் பெரிய தொகை இல்லாமல் இருக்கலாம். 2024இல் தீர்மானித்த 1,350 ரூபாய் நாள் சம்பளத்தில் பார்த்தால் அது மலையில் நாற்பத்துமூன்று நாள் கொழுந்து. அதுவும் கிலோக் கணக்குச் சரியாக வந்தால்தான். இதில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிக்கட் விற்கும்போது உங்கள் ஊழியர் தோட்டம் தோட்டமாக வந்து, கோயில் வாசலில் நோட்டீஸ் கொடுத்து, "அம்மா, அப்பா" என்று கூப்பிட்டார். பணம் கட்டிய பிறகு நாங்கள் எல்லோரும் "பயணி" ஆகிவிட்டோம். இரத்து விதிகள் அச்சடித்த தாள் எங்களுக்குக் கிடைத்தது பணம் கட்டிய பிறகுதான், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். ஹட்டனில் யாருக்கு விற்கிறோம் என்று தெரிந்துதானே கடை திறந்தீர்கள்?

சரி, கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததைக் கேட்கிறேன். என் பத்திரங்களை இருக்கிறபடியே விமானக் கம்பனிக்கு அனுப்பி, அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கும்படி விண்ணப்பியுங்கள். முடியாது என்றால் அதை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன். பறக்காத டிக்கட்டின் விமான நிலைய வரிகள் திரும்பி வருமா என்பதையும் அப்போதே கேட்டுச் சொல்லுங்கள். இதுவரை அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. உங்கள் பங்கான 22,500 ரூபாயை, மூன்று டிக்கட்டுக்கும் சேர்த்து, தயவுசெய்து விட்டுக்கொடுங்கள்.

முப்பத்தோராம் நாள் காரியம் அடுத்த ஞாயிறு. அது முடிந்து திங்கட்கிழமை மீண்டும் வருவேன். நீங்கள் தந்த மீளளிப்புப் படிவத்தில் மூன்று பயணிகளும் கையொப்பமிட வேண்டும் என்று இருக்கிறது. நானும் மனைவியும் போட்டுவிட்டோம். மூன்றாவது இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று உங்கள் ஊழியரிடம் கேட்டுவைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
லெட்சுமியின் மகன்
ஹட்டன்