உண்ணியா மைட்டா எண்டு பார்க்காம மருந்து வாங்காதேங்கோ

எங்கட கடைக்கு வாற எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் வெள்ளவத்தையில இருந்து ஒரு அக்கா தன்ர லாப்ரடோரைக் கூட்டிக்கொண்டு வந்தா. கால் விரலிடுக்கில பொடிப்பொடியா ஏதோ ஊருது, மைட்ஸ் எண்டு நினைச்சு பத்து நாளா சொறி மருந்து பூசுறன், நாய் இப்ப சாப்பிடுதில்லை எண்டு சொன்னா. ஒண்டை செலோடேப்பில ஒட்டி வெள்ளைப் பேப்பரில வைச்சு லென்ஸால பார்த்தம், அரை மில்லிமீற்றர்தான், ஆறு கால். அது உண்ணிக்குஞ்சு.

காலை எண்ணிக் கண்டுபிடிக்கேலாது, ஏனெண்டா குஞ்சா இருக்கேக்க ரெண்டுக்கும் ஆறு கால், வளர்ந்தா ரெண்டுக்கும் எட்டு. வாயைப் பாருங்கோ. உண்ணிக்கு முன்னால நீட்டிக்கொண்டு ஒரு ஊசி, அதில பின்பக்கம் பார்த்த முள்ளுகள், அதாலதான் தோலில குத்தினா லேசில கழறாது. உடம்பு தோல்பை மாதிரி, ரத்தம் குடிச்ச பெட்டை ஊறின கடலை அளவுக்கு வீங்கி, கீழ விழுந்து சுவர் வெடிப்புக்குள்ள ஆயிரக்கணக்கில முட்டை இடும். ஆனா நாய்ச் சொறியைக் குடுக்கிற மைட் தோலுக்குள்ள துளைச்சுக்கொண்டு இருக்கும், இன்னொண்டு மயிர்க்குழிக்குள்ள சுருட்டு மாதிரி நீளமா இருக்கும், ரெண்டும் கண்ணுக்குத் தெரியாது, மிருக வைத்தியர் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில பார்த்தாத்தான் தெரியும். அதால வெறுங்கண்ணுக்கு ஊருறது தெரிஞ்சா இந்தச் சொறி மைட் எண்டு நினைக்காதேங்கோ.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுறம் எண்டா, நாயில இருக்கிற இந்த மைட் வேற வருத்தத்தைக் காவிக்கொண்டு வாறேல்ல, அதுவே வருத்தம், கடியும் மயிர் கொட்டுறதும்தான். உண்ணி அப்பிடியில்லை, ஒரு நாயின்ர ரத்தத்தில இருந்து எர்லிக்கியா, பபேசியா மாதிரிக் கிருமியளை எடுத்து மற்ற நாய்க்குக் குடுக்கும். எர்லிக்கியா முட்டை வழியா குஞ்சுக்குப் போறேல்ல, அதால அந்த லாப்ரடோரின்ர வருத்தத்துக்கு விரலிடுக்கில இருந்த குஞ்சுகள் காரணமில்லை, ஆனா பெரிசுகள் வீட்டில குடியிருக்கெண்டதுக்கு அதுகள்தான் அடையாளம். அந்த நாயில தேடிப் பார்த்தா காதுக்குப் பின்னால ரெண்டு பெரிய உண்ணி தட்டையா ஒட்டிக்கொண்டு இருந்திச்சு. முரசு வெளிறிப்போய் இருந்திச்சு, உடனே வைத்தியரிட்ட அனுப்பினம், ரத்தப் பரிசோதனையில எர்லிக்கியா எண்டு வந்திச்சு, நாலு கிழமை டொக்சிசைக்ளின் குடுத்து இப்ப ஓடித் திரியுது.

மனுசருக்கு ஒரு மைட் காய்ச்சல் இருக்கு, ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புறது பத்தையளுக்க இருக்கிற மைட்டின்ர குஞ்சு, நாய்ச் சொறி மைட் இல்லை. பத்தைக் காணிக்குள்ள போய் வந்து காய்ச்சலோட உடம்பில சிகரெட்டால சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு கண்டா டொக்டரிட்ட காட்டுங்கோ.

உண்ணி ஒட்டியிருந்தா எண்ணெய் ஊத்தாம, ட்வீசரால தோலோட ஒட்டப் பிடிச்சு நேரா இழுங்கோ. எது எண்டு தெரியாட்டி செலோடேப்பில ஒட்டிக் கடைக்குக் கொண்டு வாங்கோ, பார்த்துச் சொல்லுறதுக்குக் காசு எடுக்க மாட்டம்.